மிளகாய் தாளித்தால் வீடே இருமுகிறதா? புகையை எப்படி வெளியேற்றுவது?

சாம்பார் கொதித்து இறக்கியாச்சு. தாளிப்பு மட்டும்தான் பாக்கி. எண்ணெயில் கடுகு வெடிக்கிறது, மிளகாயைப் போடுகிறீர்கள், அலமாரியில் பெருங்காயத்தைத் தேடத் திரும்புகிறீர்கள். அதற்குள் மிளகாய் கறுத்துவிட்டது. அடுத்த நிமிடம் ஹாலில் இருக்கும் அப்பா இருமுகிறார், பிள்ளை கண்ணைக் கசக்குகிறது, பக்கத்து வீட்டில் "டொப்"பென்று ஜன்னல் சாத்தும் சத்தம்.

தலைக்கு மேல் ஹூட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலும் திறந்துதான் இருந்தது. பிறகு ஏன் இப்படி?

அந்த நெடியில் என்ன இருக்கிறது?

இரண்டு விதமான புகை ஒன்றாகச் சேருகிறது.

முதலாவது, எண்ணெய்ப் புகை. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் கொழுப்பு சிதையத் தொடங்கும். அப்போது அக்ரோலின் என்ற வாயு உருவாகிறது. கண் எரிவதற்கும் தொண்டை கரகரப்பதற்கும் அதுதான் முக்கியக் காரணம். கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய எண்ணெய்த் துகள்களும் காற்றில் மிதக்கும். ஹூட்டிலும் அலமாரி மேலும் பிசுபிசுவென்று ஒட்டுவது அவற்றில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, மிளகாய் நெடி. மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் சூடான எண்ணெயில் மிளகாய் கருகும்போது, காரம் எண்ணெய்த் துகள்களோடு சேர்ந்து காற்றில் ஏறிவிடுகிறது. நம் மூச்சுக்குழாயில் சூட்டை உணரும் நரம்புகள் இருக்கின்றன. கேப்சைசின் பட்டால் அவை நெருப்பே பட்டதாக நினைத்துக்கொள்ளும். உடனே இருமல் வரும். அடக்க நினைத்தாலும் முடியாது.

2007ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் மக்கள் இருமத் தொடங்க, ரசாயனத் தாக்குதலோ என்று அஞ்சிச் சாலைகள் மூடப்பட்டன. தீயணைப்பாளர்கள் ஒரு தாய்லந்து உணவகத்தின் கதவை உடைத்து உள்ளே போனார்கள். கிடைத்தது, மிளகாய்ச் சட்னிக்காக வறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய பாத்திரம்!

உடலுக்குக் கெடுதலா?

எப்போதாவது ஒருமுறை கருகினால், பெரும்பாலானவர்களுக்குச் சற்று நேரத்தில் இருமல் அடங்கிவிடும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதே நெடி மூச்சிரைப்பைத் தூண்டலாம். இன்ஹேலர் எடுத்தும் இரைப்பு அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவ உதவி நாடுங்கள்.

நீண்டகாலப் பாதிப்பு வேறு விஷயம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கையில், மிக அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அது உறுதிசெய்யப்பட்ட பிரிவு அல்ல, அதற்கு அடுத்த நிலை. ஒருநாள் தாளிப்பைப் பற்றிய எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகள், தினமும், காற்றோட்டம் இல்லாத இடத்தில் நின்று பொரிப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே உணவை ஐந்து முறைகளில் சமைத்துக் காற்றில் சேரும் துகள்களை அளந்தார்கள். எண்ணெயில் மூழ்கவைத்துப் பொரிப்பதில்தான் அதிகம். ஆவியில் வேகவைப்பதில் ஆகக் குறைவு. அதாவது என்ன சமைக்கிறோம் என்பதைப் போலவே எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம்.

புகை வராமல் தாளிப்பது எப்படி?

புகையை விரட்டுவதைவிட, அதை உண்டாக்காமல் இருப்பது சுலபம்.

எண்ணெய் சூடாகும்போது முதலில் இளகி, கரண்டியைச் சாய்த்தால் மேற்பரப்பு நெளிந்து பளபளக்கும். தாளிக்க அந்தச் சூடு போதும். அதைத் தாண்டி நீலம் கலந்த மெல்லிய புகை இழையாக எழுந்தால், எண்ணெய் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் குமிழ் விட்டு வெடித்தால் தயார். போட்டதுமே கறுத்தால் சூடு அதிகம்.

எந்த எண்ணெய் என்பதும் கணக்கு. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் பாமாயிலும் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 180 டிகிரியை நெருங்கும்போதே புகைய ஆரம்பிக்கலாம். நேற்று அப்பளம் பொரித்த எண்ணெயா? ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அது தாங்கும் சூடு குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பழைய எண்ணெய் சீக்கிரம் புகைகிறது.

இனி வரிசை. கடுகு வெடித்து அடங்கியதும் உளுத்தம்பருப்பைப் போடுங்கள். பருப்பு பொன்னிறத்துக்குத் திரும்பியதும் முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்பிறகு மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். காய்ந்த மிளகாய்க்கு அந்த மிச்சச் சூடே போதும். சில விநாடிகளில் உப்பி, அடர் சிவப்பாகும். உடனே சாம்பாரில் கொட்டிவிட வேண்டும். கரண்டியிலேயே விட்டால், அடுப்பு அணைந்திருந்தாலும் மிளகாய் கறுக்கும்.

மிளகாயைக் கிள்ளிப் போட்டால் விதையும் உள்நரம்பும் நேராக எண்ணெயில் படும். விதைதான் முதலில் கருகும். வீட்டில் இருமல்காரர்கள் இருந்தால் காம்போடு முழுதாகப் போடுங்கள். மிளகாய்த்தூள் இன்னும் மோசம், கண் இமைப்பதற்குள் கருகிவிடும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சேர்த்தால் பிரச்சினை இல்லை. அப்போதும் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டதும் எண்ணெய் தெறிக்கும்.

ஹூட் ஓடியும் புகை ஏன் போகவில்லை?

ஒரு நாலறை வீவக வீட்டை எடுத்துக்கொள்வோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னல். அடுப்புக்கு மேலே, வெளியே குழாய் போகும் ஹூட். ஹாலில் குளிர்சாதனம் ஓடுகிறது, அங்கே ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. சமைப்பவர் முன்பக்க அடுப்பில் தாளிக்கிறார். ஹூட்டைப் போட்டிருக்கிறார், ஜன்னலையும் அகலத் திறந்திருக்கிறார். புகை நேராக ஹாலுக்குப் போகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுவத்தி போதும். அடுப்பை அணைத்து, ஹூட்டைப் போட்டு, வாணலி இருக்கும் இடத்தில் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை நேராக மேலே ஏறி ஹூட்டுக்குள் போக வேண்டும். இந்த வீட்டில் அது சாய்ந்து ஹால் பக்கம் ஓடும். ஜன்னல் வழியே வரும் காற்று, புகை ஹூட்டை எட்டும் முன்பே அதைத் தள்ளிவிடுகிறது.

அடுப்பை ஒட்டிய ஜன்னலைச் சாத்துங்கள். இப்போது புகை நிமிர்கிறது, ஆனால் மந்தமாக ஏறுகிறது. ஏன்? காற்று உள்ளே வர வழி இல்லை. ஹூட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ காற்று வந்தாக வேண்டும். குளிர்சாதனம் அதைத் தராது. வீடுகளில் சுவரில் மாட்டும் வகை, அறையில் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. எனவே சமைக்கும் நேரத்துக்கு மட்டும் ஹால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, சமையலறைக் கதவை ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாத்துங்கள். காற்று ஹாலிலிருந்து சமையலறைக்குள் வேகமாகப் பாயும். புகை அதை எதிர்த்து ஹாலுக்கு வருவது கடினம்.

கடைசியாக, தாளிப்பைப் பின்பக்க அடுப்புக்கு மாற்றுங்கள். பெரும்பாலான ஹூட்டுகள் பின் அடுப்பைத்தான் முழுதாக மூடும். முன் அடுப்பின் புகை விளிம்பில் நழுவிவிடும். இந்த மூன்று மாற்றங்களுக்கும் ஒரு காசு செலவில்லை.

ஹூட் இல்லாமல், சுவரிலோ ஜன்னலுக்கு மேலோ எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருந்தாலும் இதே விதிதான். ஃபேனுக்கு ஒட்டிய ஜன்னலைத் திறந்துவைத்தால், அந்த ஜன்னல் காற்றையே ஃபேன் இழுத்து வெளியே விடும். அடுப்புப் புகை அங்கேயே நிற்கும். திறக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில், தூரத்தில் உள்ள ஜன்னலை.

உங்கள் ஹூட் புகையை வெளியே அனுப்புகிறதா?

எல்லா ஹூட்டும் அனுப்புவதில்லை. சில வகைகள் காற்றை இழுத்து, வடிகட்டி, மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். ஓடும்போது ஹூட்டின் மேற்புறத்திலோ முன்புறத்திலோ கையை வைத்துப் பாருங்கள். முகத்துக்கு நேராகக் காற்று வந்தால் அது சுழற்சி வகை. அதிலுள்ள கரி வடிகட்டி வாசனையைக் குறைக்கும். எல்லாத் துகள்களையும் பிடிக்காது. பெரும்பாலான கரி வடிகட்டிகளைக் கழுவ முடியாது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். இந்த வகை ஹூட் உள்ள வீட்டில் ஜன்னல்தான் உண்மையான வெளிவழி. சின்ன மேசை மின்விசிறி ஒன்றை வெளியே பார்த்தபடி ஜன்னலோரம் வைத்தால் உதவும்.

உலோக வடிகட்டியைக் கழுவிக் கனகாலம் ஆகிவிட்டதா? ஹூட்டை ஓடவிட்டு, ஒரு டிஷ்யூ தாளை அடியில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. விழுந்துவிட்டால், சுடுநீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஹூட்டை எப்போது போடுவது? புகை வந்த பிறகு அல்ல. அடுப்பைப் பற்றவைக்கும்போதே போட்டுவிடுங்கள். சமைத்து முடித்த பிறகும் 10, 15 நிமிடம் ஓடட்டும். நுண்துகள்கள் அடுப்போடு சேர்ந்து அணைந்துவிடுவதில்லை.

புகைமூட்டக் காலத்தில்? ஜன்னலைத் திறந்தால் வெளிப்புகை உள்ளே வரும், மூடினால் உள்புகை தங்கும். காற்றுத்தரம் மோசமான நாள்களில் பொரியலும் வறுவலும் வேண்டாம். இட்லி, ரசம், அவித்த காய்கறி என்று ஒப்பேற்றிக்கொள்ளலாம்.

கருகியே விட்டது, இப்போது?

அடுப்பை அணைத்துக் கரண்டியை மூடிபோட்டு மூடுங்கள். ஹூட்டை முழு வேகத்தில் வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வேறு அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துங்கள்.

பலரும் செய்யும் தவறு, சூட்டோடு சூடாகக் கரண்டியைக் குழாயடியில் காட்டுவது. எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோகலாம். குபுக்கென்று எழும் நீராவி, மிச்சக் காரத்தையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். மூடியபடியே ஆறட்டும், பிறகு கழுவலாம்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கைக்கெட்டினால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள். தீ பரவினால் வெளியேறி 995ஐ அழையுங்கள்.

அடுத்த முறை தாளிக்கும் முன் பெருங்காய டப்பாவை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் கருகுவது பெரும்பாலும் நாம் எதையோ தேடப் போன அந்தப் பத்து விநாடியில்தான்.