ஃபேனை மறைக்கணும், மச்சு மறையக் கூடாது! - வீட்டு போட்டோவுக்கு ஒரு கைடு

புளியங்குடியில் எங்கள் பெரியப்பா வீட்டை வாடகைக்கு விடணும்னு பேச்சு வந்தப்போ, போட்டோ எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பழைய காலத்து வீடு. கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதுக்கு மேலே சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு எழுப்பின மச்சு. 'மெட்ராஸ் டெரஸ்' என்று இன்ஜினீயர்கள் சொல்வது இதைத்தான். அந்த வீட்டுக்கே அழகு அந்த மச்சுதான். ஆனால் எடுத்த போட்டோவில் மச்சு தெரியவில்லை. நடுவில் பழுப்பு ஃபேன்தான் றெக்கையை விரித்துக்கொண்டு நின்றது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். Snapseed-ல் போட்டோவைத் திறந்து, Healing எடுத்து ஃபேன் மேல் விரலால் தேய்த்தேன். ஃபேன் போச்சு. கூடவே கட்டைகளும் போச்சு! நேராக ஓடின கட்டை நடுவில் வளைந்து, மெழுகு உருகின மாதிரி செங்கல்லோடு கலந்துவிட்டது. காரணம் சிம்பிள். Healing பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அந்த இடத்தை நிரப்புகிறது. வெறும் வெள்ளைச் சுவரில் ஒரு ஆணியை அழிக்க அது போதும். கோடு கோடாக ஓடுகிற கூரையில், ஃபேன் அளவுக்குப் பெரிய ஓட்டையை அதால் சரியாக யூகிக்க முடியாது.

சரி, யூகிக்காமலே செய்ய முடியுமா? முடியும். ஃபேனுக்குப் பின்னால் இருக்கிற மச்சை நிஜமாகவே போட்டோ எடுத்துவிட்டால் போதும்.

இரண்டு போட்டோ, ஒரே இடம்

மூணு றெக்கை ஃபேனில் றெக்கைக்கும் றெக்கைக்கும் நடுவில் 120 டிகிரி இடைவெளி. அதைப் பாதி தூரம், அதாவது 60 டிகிரி திருப்பினால், முதலில் றெக்கை மறைத்த இடம் இப்போது திறந்துவிடும். ஆக, போனை அசைக்காமல் திருப்புவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்தால், றெக்கைக்குப் பின்னால் இருக்கும் கூரை முழுக்க உங்கள் கையில்.

எடுக்கும்போது நாலு விஷயம் முக்கியம். போனை ட்ரைபாடில் வையுங்கள்; இல்லையென்றால் ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். பட்டனை அழுத்தும்போது ஆடாமல் இருக்க 3 செகண்ட் டைமர் போடுங்கள். 0.5x வைடு லென்ஸ் வேண்டாம், அது கட்டைகளை வளைத்துக் காட்டும். 1x-லேயே ஒரு மூலையில் தள்ளி நின்று எடுங்கள். நாலாவது, ஸ்கிரீனில் மச்சை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள். லாக் செய்யாவிட்டால் இரண்டாவது போட்டோ கொஞ்சம் வெளிச்சமாக வரும், ஒட்டின இடம் பட்டி பார்த்த சுவர் மாதிரி தனியாகத் தெரியும்.

ஃபேன் சுவிட்சை அணைத்து, அது முழுசாக நின்ற பிறகு, மரக் கம்பாலோ விளக்குமாற்றுக் காம்பாலோ மெதுவாகத் திருப்புங்கள். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். டியூப் லைட்டையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள். எரியும் டியூப் லைட்டை அழித்தாலும் அதன் வெளிச்சம் சுவரில் அப்படியே நிற்கும். விளக்கில்லாத சுவரில் வெளிச்சம் மட்டும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்னவோ இடிக்கும்.

ஒட்டும் வேலை

Snapseed-ல் முதல் போட்டோவைத் திறந்து, Tools-ல் Double Exposure போய், இரண்டாவது போட்டோவைச் சேருங்கள். ஒளிபுகும் அளவுக்கான ஸ்லைடரை முழுக்க வலது பக்கம் தள்ளுங்கள். இப்போது இரண்டாவது போட்டோ மட்டும்தான் தெரியும். டிக் அடித்துவிட்டு View edits போய், Double Exposure-ஐத் தொட்டு, பிரஷ் படத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் போட்டோவின் றெக்கைகள் மேல் 100-ல் வைத்துத் தேய்த்தால், றெக்கை மறைந்து நிஜமான மச்சு எட்டிப்பார்க்கும். கூரையில் விழுந்த றெக்கையின் நிழலையும் சேர்த்துத் தேயுங்கள். றெக்கையோடு சேர்ந்து நிழலும் நகர்ந்திருக்கும் என்பதால் அதுவும் போய்விடும்.

மிச்சம் இருப்பது நடு மோட்டாரும், அது தொங்குகிற கம்பியும், மேலே இருக்கும் கிண்ணமும். இதை மட்டும் நாமேதான் கட்டியாகணும். இங்கேதான் நின்று எடுத்த இடம் கைகொடுக்கும். கட்டைகள் படத்தில் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடுகிற மாதிரி நின்று எடுத்திருந்தால், ஒரே கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும். அதில் ஒரு துண்டை எடுத்துப் பக்கவாட்டில் நகர்த்தினாலே பொருந்திவிடும். கட்டைகள் உங்களை விட்டு விலகி ஓடுகிற மாதிரி எடுத்திருந்தால், தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். வெட்டி ஒட்டினால் பொருந்தாது.

போன் பிரவுசரிலேயே திறக்கிற Photopea-வில் இதைச் செய்யலாம். மோட்டாருக்கு இடது பக்கம், அதே கட்டையும் அதே செங்கல் வரிசையும் சேர்ந்த ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, Edit மெனுவில் Copy, Paste கொடுத்து, மோட்டாரின் இடது பாதி மேல் நகர்த்துங்கள். வலது பாதிக்கு வலது பக்கத்துத் துண்டு. ஜன்னல் பக்கம் வெளிச்சமாகவும் உள்பக்கம் இருட்டாகவும் இருக்கும் என்பதால், ஒரே பக்கத்துத் துண்டால் முழுசையும் மூடினால் நிறம் உதைக்கும். கடைசியில் மென்மையான Eraser-ஆல் ஓரங்களை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

வெறும் சுவரில் இருக்கும் ஏ.சி-க்கும் இதே கதைதான்: இரண்டு பக்கமிருந்தும் துண்டு எடுத்து நடுவில் சந்திக்க விடுங்கள். ஏ.சி-யின் நிழலையும், கீழே இறங்கும் பைப்பையும், ஸ்டெபிலைசரையும் மறந்துவிடாதீர்கள்.

மாட்டிவிடும் இடங்கள்

வேலை முடிந்ததும் Snapseed-ல் Details போய் Structure-ஐ முழுக்க ஏற்றிப் பாருங்கள். ஒட்டின இடம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிறகு டைல்ஸ் தரை, ஷோகேஸ் கண்ணாடி, அணைத்திருக்கும் டி.வி. மூன்றையும் பாருங்கள். மேலே இல்லாத ஃபேன் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்!

அந்தக் கறை

எங்கள் போட்டோவில் றெக்கையைத் தேய்த்ததும், மச்சில் பழுப்பாக ஒரு ஈரக் கறை தெரிந்தது. இத்தனை நாளும் ஃபேன் அதை மறைத்திருந்தது. Healing-ஐக் கேட்டிருந்தால் அந்த இடத்தில் நல்ல செங்கல்லை வைத்துக் கொடுத்திருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. "இதையும் துடைச்சிரட்டா பெரியப்பா?" என்றேன். "அதத் தொடாதடே. மழை பேஞ்சா ஒழுகுற இடம் அது. வர்றவன் பிள்ளகுட்டியோட வருவான், பாத்துட்டு வரட்டும்" என்றார்.

ஃபேன் கழற்றி மாட்டுகிற பொருள். அதை எடுத்துவிட்டு மச்சைக் காட்டுவதில் தப்பில்லை, 'படத்தில் ஃபேன் நீக்கப்பட்டுள்ளது' என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ஆனால் கறை, விரிசல், பெயர்ந்த காரை எல்லாம் வீட்டின் நிலைமை. அதை அழித்தால் நாம் தருவது வேற வீடு. ஃபேன் மாட்டுகிற கொக்கியையும் நான் விட்டுவிட்டேன். குடிவருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தானே!

கறையோடதான் படம் போனது. பார்க்க வந்தவர் முதலில் நிமிர்ந்து பார்த்தது அந்த மூலையைத்தான். "மழைக்கு முன்னாடி காரை பூசிக் கொடுத்துருவீங்கள்ல?" என்று கேட்டார். பெரியப்பா கொத்தனாருக்கு போன் போட்டார்.