தந்தியும் குறுஞ்செய்தியும்: செக்காலையிலிருந்து ஓர் ஒப்பாய்வு

காரைக்குடி செக்காலையின் பெரிய வீடுகளில் தந்தி படித்த தலைமுறையும் உண்டு, கைபேசியில் குறுஞ்செய்தி படிக்கும் தலைமுறையும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பங்களுக்கு அவசரச் செய்தி என்றால் தந்திதான். இந்தியாவில் அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றது. இரண்டுமே சுருக்கி எழுதக் கட்டாயப்படுத்தியவை. ஆனால் சுருக்கத்தை அவை ஒரே கோலால் அளக்கவில்லை.

தந்தி சொல்லை எண்ணியது. குறுஞ்செய்தி எழுத்துக் குறியை எண்ணுகிறது. தந்தியில் பெறுநரின் முகவரிக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் வணிக நிறுவனங்கள் சுருக்கத் தந்தி முகவரியைப் பதிந்து வைத்தன. குறுஞ்செய்தியில் முகவரிக்குச் செலவில்லை. அனுப்பியவர் பெயரும் திரையில் தானாகவே வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறிகளே கொள்ளும். இடையில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் 70தான் வரம்பு. 71ஆவது குறி விழுந்ததும் செய்தி இரண்டாகப் பிரிகிறது; பகுதிக்கு 67 குறிதான், கட்டணமும் இரண்டு செய்திக்கு.

குறி என்பது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து அன்று. 'சி' நமக்கு ஓர் எழுத்து. கைபேசிக்குச் சகரமும் இகரக் குறியுமாக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் கணக்கு. 'நல்லபடியா' தந்தியில் ஒரு சொல், குறுஞ்செய்தியில் 9 குறி. ஆகவே சொற்களைச் சேர்த்துக் கட்டும் தமிழின் இயல்பு தந்திக்கு லாபம். குறுஞ்செய்திக்கு அதனால் ஒரு நயா பைசா மிச்சமில்லை.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். செக்காலையில் இருக்கும் தம்பி, கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு எழுதுகிறார். வீட்டு வழக்கப்படி அக்கா அவருக்கு 'ஆச்சி', தாயார் 'ஆத்தா'. முதலில் மனத்தில் வருவது இது: "ஆச்சி, ஆத்தாவுக்கு இன்னைக்குக் காலையில கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம். நீங்க இப்பவே அடிச்சுப் புடிச்சு வர வேண்டாம், ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்."

அவசரத்தில் வெட்டினால் மிஞ்சுவது: "ஆபரேஷன் முடிந்தது. வர வேண்டாம்." அளவு மிகக் குறைவு, ஆனால் இரண்டு வாக்கியமும் காயப்படுத்துகின்றன. முடிந்தது என்றால் எப்படி முடிந்தது? வர வேண்டாம் என்பது அக்கறையா, கோபமா? தந்திக்காரர் கதவைத் தட்டினாலே வீடு பதறியதற்கும் இப்படித் தொங்கலில் விடும் சொற்களுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது இப்படி எழுதலாம்: "ஆச்சி, ஆத்தா கண் ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு. ஞாயிறு வந்தா போதும்." தந்திக் கணக்கில் 9 சொல். குறுஞ்செய்திக் கணக்கில், இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து 62 குறி. இன்னும் 8 கையிருப்பு. போனவை எவை என்று பாருங்கள். 'இன்று' என்பதை அக்கா அறிவார். மருத்துவர் சொன்னதும் வீடு திரும்புவதும் 'ஞாயிறு வந்தா போதும்' என்பதற்குள் அடங்கிவிட்டன. கவலைப்படும் நிலை இருந்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த வாக்கியம் தடுப்பதற்குப் பதில் அழைக்கிறது, அதே நேரத்தில் பதற்றத்தையும் குறைக்கிறது. 'நல்லபடியா' மட்டும் வெட்டக் கூடாத சொல். படிப்பவர் தேடும் விடை அதில்தான் இருக்கிறது.

எதிர்பாராத உறவு ஒன்று இங்கே தெரிகிறது. மரியாதையை விட்டால் இடம் மிச்சமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் ஈற்றில் குடியிருப்பதால், தந்தியில் அதற்குத் தனிச் சொல் தேவைப்படவில்லை: 'வா'வும் ஒரு சொல், 'வாருங்கள்' என்பதும் ஒரு சொல். குறுஞ்செய்தியிலோ 'வரவும்' 6 குறி, 'வாங்க' 5 குறி. அலுவலக அறிவிப்பின் தொனியில் ஒலிக்கும் வடிவம்தான் நீளம். 'வாருங்கள்' 9 குறி என்பது உண்மை. ஆனால் வீட்டாருக்கு அந்த எழுத்துநடை தேவையே இல்லை. உறவுப்பெயரும் அப்படித்தான்: 'ஆச்சி' தந்தியில் ஒரு சொல், இங்கே 5 குறி. செய்தியை முறிக்கும் விலை எதிலும் இல்லை.

வேறுபாடும் இருக்கிறது. வாழ்த்துத் தந்திக்கு அச்சிட்ட வாசகங்களும் அவற்றுக்கு எண்களும் இருந்தன. எண்ணைச் சொன்னால் முழு வாசகமும் போய்ச் சேரும். மிகச் சிக்கனமான ஏற்பாடு, ஆனால் யாருக்கும் ஒரே வாழ்த்து. குறுஞ்செய்தியில் அந்த வசதி இல்லாததால், குறைந்த குறிகளிலும் இவருக்கென்று எழுதியாக வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் பொருந்தும் சோதனை ஒன்று. எழுதியதை, பேருந்து நிலையத்தில் நின்றபடி கேட்டுத் தெளிய ஆளில்லாமல் படிப்பவரின் இடத்திலிருந்து படிக்கவேண்டும். யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது, நான் என்ன செய்யவேண்டும் ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அவர் உடனே திருப்பி அழைப்பார். மூன்றுக்கும் 70 குறி போதாவிட்டால் இரண்டாம் செய்திக்கான காசைக் கொடுத்துவிடுவதே சரி. துக்கச் செய்தியானால் அதுவும் வேண்டாம், பேசிவிடலாம்.