சூரியனைப் பார்த்து போட்டோ எடுத்தா பச்சைப் புள்ளி வருதா? காரணம் இதுதான்... சூரியனை நட்சத்திரமா மாத்துற ட்ரிக்கும் இருக்கு!

சாயங்கால வெயிலில் எடுத்த போட்டோவில் முகத்துக்கு மேலே பச்சையா ஒரு புள்ளி. தெருவிளக்கு வீடியோவில் வானத்தில் மிதக்கும் ஒரு சின்ன ஒளி. இதைப் பார்த்துவிட்டு 'பறக்கும் தட்டு' என்று ஃபார்வர்டு அனுப்புபவர்களும் உண்டு, போன் கேமரா போச்சு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்களும் உண்டு. ரெண்டுமே இல்லை. இதற்குப் பெயர் லென்ஸ் ஃபிளேர்.

லென்ஸ் ஃபிளேர் எப்படி உருவாகிறது?

கேமரா லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடி அல்ல. உள்ளே பல கண்ணாடிகள் வரிசையாக இருக்கும். பலமான ஒளி உள்ளே நுழையும்போது பெரும்பகுதி நேராகப் போய்விடும். மிகச் சிறிய பகுதி மட்டும் கண்ணாடிகளுக்கு நடுவே முட்டி மோதித் திரும்பும். சாதாரண வெளிச்சத்தில் இது கண்ணுக்கே தெரியாது. சூரியன் மாதிரி பலமான ஒளி என்றால் அந்தச் சின்ன மிச்சமே போட்டோவில் பதிந்துவிடும்.

இது இரண்டு விதமாக வரும். ஒன்று, படம் முழுக்க வெள்ளைத் திரை போட்ட மாதிரி வெளுத்துப் போவது. கறுப்பு நிறம்கூட சாம்பலாகத் தெரியும். இன்னொன்று, புள்ளியாகவோ வட்டமாகவோ விழும் பிம்பம். போனில் வரும் பச்சைப் புள்ளி இந்த இரண்டாவது வகை.

பறக்கும் தட்டா, ஃபிளேரா? கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி

போட்டோவில் ஒளி இருக்கும் இடத்திலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். போனில் வரும் பச்சைப் புள்ளி பெரும்பாலும் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில், அதே தூரத்தில் இருக்கும். விளக்கு மேல் வலது மூலையில் என்றால், புள்ளி கீழ் இடது மூலையில். வீடியோ என்றால் இன்னும் சுலபம். கேமராவை அசைத்தால், விளக்கு நகரும் திசைக்கு எதிர்த்திசையில் புள்ளி நகரும். வானத்தில் உண்மையிலேயே இருக்கும் பொருள் அப்படி நகராது.

எப்போது தவிர்க்க வேண்டும்?

முகம், பொருள், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டிய படங்களில் ஃபிளேர் வேண்டவே வேண்டாம். விற்பனைக்கு வைக்கும் பொருளின் நிறம் மாறித் தெரியும், குரூப் போட்டோவில் யாரோ ஒருவர் முகத்தில் புள்ளி விழும், விபத்து நடந்த வண்டியை ஆதாரத்துக்காக எடுத்தால் கீறலே மறைந்துவிடும்.

முதல் வேலை, லென்ஸைச் சுத்தமான துணியால் துடைப்பது. விரல் ரேகையின் எண்ணெய்ப் பசைதான் பாதி பிரச்னைக்குக் காரணம். அடுத்து, கேமரா மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பெரிய கேமரா என்றால் முன்னால் மாட்டியிருக்கும் ஃபில்டர். கூடுதலாக ஒரு கண்ணாடி என்றால், ஒளி திரும்புவதற்குக் கூடுதலாக ஒரு இடம் என்று அர்த்தம். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

சூரியன் படத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்தால் உள்ளங்கையால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள். வெளுத்திருந்த படம் திரையிலேயே பளிச்சென்று மாறுவது தெரியும். லென்ஸ் ஹுட் செய்வதும் இதே வேலைதான். ஆனால் சூரியன் படத்துக்குள்ளேயே இருந்தால் கையும் ஹுட்டும் உதவாது. அப்போது கேமராவைக் கொஞ்சம் திருப்பி, பச்சைப் புள்ளியை முகத்தில் இருந்து வெளிச்சமான வானத்துக்குத் தள்ளிவிடலாம். ஒளியை நடுவில் வைத்தால் புள்ளி அதன் மேலேயே விழுந்து காணாமல் போய்விடும்.

வேண்டுமென்றே ஃபிளேர் வைப்பது ஏன்?

வெயில் கண்ணில் கூசும் அந்த உணர்வைப் பார்ப்பவருக்குக் கடத்தத்தான். 2009-ல் வெளியான 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் இயக்குநர் ஜே.ஜே.ஆப்ராம்ஸ், ஃப்ரேமுக்கு வெளியே இருந்து லென்ஸில் டார்ச் அடிக்கச் சொல்லி ஃபிளேரை வரவழைத்தார். பிறகு 'கொஞ்சம் ஓவராகிவிட்டது' என்று அவரே ஒப்புக்கொண்டார். முகத்தை மறைக்காமல், தலைமுடி ஓரத்திலோ காலியான இடத்திலோ ஃபிளேர் விழுந்தால் அழகு. கண், மூக்கு மேல் விழுந்தால் அந்தப் படம் வீண்.

சூரியன் நட்சத்திரமாவது எப்படி?

இது ஃபிளேர் அல்ல, வேறு விஷயம். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தைச் சின்னச் சின்னத் தகடுகள் சுருக்கும். துவாரம் சிறிதாகும்போது தகடுகளின் நேரான ஓரங்களில் பட்டு ஒளி சிதறி, கோடு கோடாகத் தெறிக்கும். தகடு எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர்கள். ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. அதாவது 8 தகடுக்கு 8 கதிர், 7 தகடுக்கு 14 கதிர்.

பெரும்பாலான போன்களில் துவாரம் மாறாது, வட்டமாகவே இருக்கும். அதனால் இந்த நட்சத்திரம் வராது. போனில் விளக்கைச் சுற்றி நீளக் கோடு வந்தால் அது அழுக்குதான். எந்தத் திசையில் விரலால் துடைத்தீர்களோ, அதற்குக் குறுக்கே கோடு விழும்.

தஞ்சை பெரிய கோயிலில் எடுத்துப் பார்க்கலாமா?

சுமார் 216 அடி உயர விமானம், கிழக்கு பார்த்த கோயில். அதனால் மாலை 4 மணியை ஒட்டி கிழக்குப் பக்க வளாகத்தில் நின்றால், சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கும். சரியான இடத்தைத் தேட சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, தரையைப் பாருங்கள். விமானத்தின் நிழல் முடியும் ஓரம் எதுவோ, அங்கிருந்து பார்த்தால்தான் சூரியன் விமானத்தின் விளிம்பில் எட்டிப் பார்க்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கில் சாய்வதால் நிழல் வடகிழக்கே விழும். ஆனி, ஆடியில் தென்கிழக்கே.

100 மீட்டர் தள்ளி நின்றால், நிழலின் மங்கலான ஓரம் சுமார் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். அந்த ஒரு மீட்டருக்குள்தான் உங்கள் விளையாட்டு. முழு வெயிலில் நின்றால் வெறும் வெள்ளைக் குமிழ், முழு நிழலில் நின்றால் ஒன்றுமே இல்லை. லென்ஸ் மேல் பாதி நிழல் விழும் இடத்தில் சூரியன் சின்னத் துணுக்காகத் தெரியும். கதிர்கள் அப்போதுதான் கூர்மையாக வரும். சீக்கிரம் எடுக்க வேண்டும். சூரியன் தன் அகலத்தைத் தானே கடக்க சுமார் 2 நிமிடம்தான் ஆகும்.

கேமராவில் f/16, ISO 100, 1/125 விநாடி வைத்து ஆரம்பியுங்கள். விமானம் ரொம்ப இருட்டாக இருந்தால் 1/60, 1/30 என்று இறங்குங்கள். f/22 வரை போனால் கதிர் இன்னும் நீளும், ஆனால் கல் சிற்பங்களின் கூர்மை குறையும்.

கதிரே வரவில்லையா? வானத்தைப் பாருங்கள். மெல்லிய மேகமோ புகைமூட்டமோ இருந்தால் ஒளி பரவிவிடும், நட்சத்திரம் கிடைக்காது. அடிவானத்தில் சிவப்புப் பந்தாகத் தெரியும் சூரியனுக்கும் இதே கதைதான்.

இதை மட்டும் மறக்காதீங்க

டிஎஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி வியூஃபைண்டர் வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்க்கக் கூடாது. லென்ஸ் ஒளியைக் குவித்து நேராக விழித்திரைக்கு அனுப்பும். வலிகூடத் தெரியாமல் பார்வை பாதிக்கப்படலாம். பின்பக்கத் திரையில் பார்த்து எடுப்பதே பாதுகாப்பு. நீளமான ஜூம் லென்ஸைச் சூரியனை நோக்கியபடியே வைத்திருந்தால் கேமராவின் உள்பாகங்களும் பொசுங்கும். எடுத்து முடித்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள்.