மன்னர் மாற்றிய ஒரு சொல்

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியுடன் போர் தொடங்கிவிட்டதாகப் பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேன் முற்பகலில் அறிவித்திருந்தார். அன்று மாலை 6 மணிக்கு ஆறாம் ஜோர்ஜ் மன்னர் வானொலியில் உரையாற்ற வேண்டும். இலங்கை உட்பட அப்பேரரசின் கீழிருந்த நாடுகள் யாவற்றுக்கும் உரிய உரை அது. ஆனால் பேச வேண்டியவரோ சிறு வயது முதல் திக்குவாயால் அவதியுற்றவர்.

பக்கிங்ஹாம் மாளிகையில் ஒலிவாங்கியின் முன் மன்னர் நின்றபோது அவருடன் இருந்தவர் லயனல் லோக். அவுஸ்திரேலியாவில் பிறந்த லோக் மருத்துவர் அல்லர், பேச்சுக்கலை ஆசிரியர். முதலாம் உலகப் போரில் அதிர்ச்சியுற்றுப் பேச்சுக் குன்றிய படைவீரர்களுக்குப் பயிற்சியளித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1925 இல் வெம்பிளிக் கண்காட்சியின் நிறைவு விழாவில், அப்போது யோர்க் கோமகனாக இருந்த ஜோர்ஜ் சொற்கள் வராமல் நெடுநேரம் தடுமாறினார். அதற்கு மறு ஆண்டு ஒக்டோபரில் லண்டன் ஹார்லி வீதியில் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தனர்.

மன்னரின் மூச்சே முதலிற் சீர்செய்யப்பட வேண்டியது என்று லோக் கருதினார். அடிவயிற்றிலிருந்து ஆழ்ந்து மூச்செடுக்கும் பயிற்சியே அவரது பாடங்களின் அடிப்படை. நமது தொல்காப்பியரும் எழுத்துகளின் பிறப்பை விளக்கும்போது, நாவையோ இதழையோ முதலிற் சொல்லாமல், உந்தியிலிருந்து மேலெழும் காற்றையே முதலிற் சொல்கிறார். காற்று ஒழுங்காக எழாவிடின் நாவும் இதழும் தம் தொழிலைச் செய்யமாட்டா.

இனி அந்த உரையின் பிரதியைப் பார்ப்போம். லோக் அதில் இரண்டு வேலைகளைச் செய்தார்.

முதலாவது, இடைநிறுத்தக் குறிகள். மன்னர் எங்கெங்கே நின்று மூச்செடுக்க வேண்டும் என்பதை வரிகளுக்கிடையே நெடுங்கோடுகளாற் குறித்தார். இக்கோடுகள் இலக்கணக் குறியீடுகளைப் பின்பற்றுபவை அல்ல. காற்புள்ளி இல்லாத இடத்திலும் கோடு விழலாம். ஒரு மூச்சில் எளிதாகச் சொல்லக்கூடியது எவ்வளவோ அதுவே ஒரு துண்டு. ஏறத்தாழ 400 சொற்கள் கொண்ட அவ்வுரையைச் சொல்லி முடிக்க 5 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. சாதாரணமாக வாசித்தால் 3 நிமிடங்களே போதும். ஒலிப்பதிவைக் கேட்போருக்கு அந்த மௌனங்கள் தடுமாற்றமாகத் தோன்றுவதில்லை. வேளையின் கனத்துக்கு ஏற்ற நிதானமாகவே தோன்றுகின்றன. எப்படியும் நிற்கத்தான் வேண்டியிருந்தது. நிற்கும் இடத்தை லோக் முன்கூட்டியே தெரிந்தெடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது, சொல் மாற்றம். மன்னருக்கு மிகவும் இடர் தந்தவை சொல்லின் முதலில் வரும் வல்லின ககர ஒலிகள். ஆங்கிலத்தில் அரசன், அரசி இரண்டையும் குறிக்கும் சொற்கள் அவ்வொலியிலேயே தொடங்குவது அவரது விதி. ககரத்தை ஒலிக்கும்போது நாவின் அடி அண்ணத்தைத் தொட்டு மூச்சை ஒரு கணம் முற்றாக அடைத்து, பின் விடுகிறது. திக்குவாய் உள்ளவரிடம் அந்த அடைப்பு விடுபடாமல் இறுகிவிடுகிறது. உரையில் சமாதான முயற்சிகளைப் பற்றிய வரியில் 'கவர்ன்மென்ட்' என்ற சொல் இருந்தது. லோக் அதை நீக்கி, 'நாங்கள்' என்று பொருள்படும் 'அவர்செல்வ்ஸ்' என்ற சொல்லை வைத்தார். அது உயிரொலியில் தொடங்குவது. நாவோ இதழோ காற்றை மறிக்காது.

இந்த மாற்றத்தின் விளைவு ஒலியோடு நிற்கவில்லை. எதிரிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான வேறுபாடு, எதிரிக்கும் நம் எல்லோருக்கும் இடையிலான வேறுபாடாக மாறிற்று. நாவின் வசதிக்காகச் செய்த திருத்தம் கேட்போரை உரைக்குள் இழுத்துவந்தது. ஆயினும் எல்லா மாற்றமும் இப்படி நன்மையில் முடியும் என்று கொள்ளலாகாது.

நம் மொழியில் ஓர் உதாரணம் பார்ப்போம். ககரத்தில் தடுமாறும் ஒருவர் மேடையில் இவ்வாறு சொல்ல வேண்டியிருக்கிறது: 'கல்வித் திணைக்களம் கட்டிக்கொடுத்த கட்டடம் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.' ஐந்து சொற்கள் ககரத்தில் தொடங்குகின்றன. முதற் சொல்லே ககரம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் பிரவுண் 1945 இல் எடுத்துக்காட்டியபடி, வாக்கியத்தின் தொடக்கத்திலும், நீண்ட சொற்களிலும், பொருட்செறிவுள்ள சொற்களிலும், பெரும்பாலும் மெய்யொலியில் தொடங்கும் சொற்களிலுமே திக்கு மிகுதி. நமது வாக்கியத்தில் இந்நான்கும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

'இந்த மண்டபத்தை அரசு அமைத்தது / இன்று அதை யாரும் பார்ப்பதில்லை' என்று மாற்றினால் நா தப்பிவிடும். ஆனால் திணைக்களத்தின் பெயர் போய்விட்டது. பொறுப்பாளி யார் என்பதுதான் பேச்சின் நோக்கமாயின், இது திருத்தமன்று, இழப்பு. அப்போது பெயரை விட்டுவிடாமல் அதன் இடத்தை மாற்றலாம்: 'இந்த மண்டபத்தை அமைத்தது / கல்வித் திணைக்களம்.' தமிழின் நெகிழ்ந்த சொல்லொழுங்கு இதற்கு இடந்தருகிறது. எளிய உயிரொலியில் வாக்கியம் தொடங்கி, மூச்சும் குரலும் ஓடத் தொடங்கிய பின் கடினமான சொல் வருகிறது.

மென்குரல் உடையவருக்கு இதே வாக்கியம் வேறு இடரைத் தரும். அவருக்குத் தொடக்கம் சிக்கலன்று, முடிவுதான் சிக்கல். மூச்சுக் குறையக் குறையக் குரல் தேய்கிறது. தமிழிலோ வினைமுற்றும் எதிர்மறையும் கடைசியிலேயே வருகின்றன. 'பார்ப்பதில்லை' என்பதன் வாலைக் காற்று விழுங்கினால், கேட்பவருக்குப் பொருள் தலைகீழாகிவிடும். எனவே அவருக்கு வேண்டியவை குறுகிய வாக்கியங்கள். முடிவுச் சொல்லுக்கு முன் ஒரு கோடு. அங்கே புதிய மூச்சு. இயன்றவரை வாக்கியம் நெடிலுள்ள சொல்லில் முடிவதும் நன்று. 'முடிந்தது' என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கரைந்துபோகும். 'முடிந்ததாம்' என்பதன் நெடில் பின்வரிசை வரை செல்லும். ஆனால் 'ஆம்' சேர்ந்தவுடன் கண்டது கேள்விப்பட்டதாகிவிடும். இங்கும் ஒலிக்காகப் பொருளை விற்கக் கூடாது.

சொல் மாற்றத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. தன் பெயரையும் ஊரின் பெயரையும் எவரும் மாற்றிச் சொல்ல இயலாது. 1937 மே மாதம் முடிசூடியபோது ஆறாம் ஜோர்ஜ் ஏற்ற உறுதிமொழியின் வாசகங்களையும் லோக் தம் விருப்பப்படி திருத்தியிருக்க முடியாது. மேலும், ஒரு சொல்லைத் தவிர்க்குந்தோறும் அதன் மீதுள்ள அச்சம் வளர்கிறது. நாளடைவில் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலும் நீள்கிறது. தாமே கடுந்திக்கு உடையவராயிருந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்ள்ஸ் வான் ரைப்பர், இதனாலேயே தவிர்ப்பதை விடுத்து எளிதாகத் திக்கப் பழகும்படி போதித்தார். ககரத்தை ஒலிக்கும்போது நாவை அண்ணத்தில் அழுத்தாமல், மெல்லத் தொட்டு நழுவவிடுவது அத்தகைய பழக்கங்களில் ஒன்று.

ஆதலால், பிறருக்காக உரை எழுதித் தரும் நண்பர்கள் முதலிற் பேசுபவரை உரக்க மும்முறை வாசிக்கச் செய்து கேட்க வேண்டும். ஒரு முறை மட்டும் தடக்கிய இடத்தை விட்டுவிடலாம். மும்முறையும் தடக்கிய இடத்தில் முதலில் மூச்சுக்கோடு. அது போதாவிடின் சொல்லை இடம் மாற்றுதல். அதுவும் போதாவிடின் மட்டுமே வேறு சொல். எந்த ஒலி கடினம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு உயிரொலியே தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆறாம் ஜோர்ஜின் பட்டியல் அவருக்கே உரியது.

மன்னர் 1952 இலும் லோக் 1953 இலும் மறைந்தனர். அந்த மாலை உரை ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. கேட்பவர்கள் சொற்களை மட்டுமன்றி, இடைவெளிகள் எங்கே விழுகின்றன என்பதையும் கவனித்துக் கேட்கலாம்.