ஒரு பெயர், மூன்று கோவை: ஔகாரக் குறியின் கணினி வரலாறு

'கௌரி' என்னும் பெயரை எழுதச் சொன்னால் நம் மாணவர் அனைவரும் ஒரே வடிவத்தையே எழுதுவர். ஆயினும் கணினியில் அப்பெயர் மூன்று வேறு குறியெண் கோவைகளாகச் சேமிக்கப்பட்டிருக்கக் கூடும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கோ மூன்றும் வேறு வேறு. பள்ளிப் பெயர்ப்பட்டியலில் உள்ள மாணவியைத் தேர்வுப் பட்டியலில் 'இல்லை' என்று ஒரு கணினி அறிவிப்பதற்கு இதுவே காரணமாகலாம். இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை இங்கு வரலாற்று முறையில் காண்போம்.

தமிழ் உயிர்க்குறிகளுள் ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றின் குறிகளும் மெய்யின் இருபுறமும் நிற்பவை. ஒலி ஒன்று, எழுதும்போது உறுப்பு இரண்டு. சுவடியில் கையால் எழுதியவரை இது இடர் தரவில்லை. அச்சுக்கலை வந்தபோது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவை தனித்தனி அச்சுகளாயின. பின்னர் வந்த தட்டச்சுப் பொறியும் இம்முறையையே பின்பற்றியது. யாழ்ப்பாணத்திற் பிறந்து இம்மண்ணிற்கு வந்து பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி நம் வட்டாரத்தின் வரலாற்றிலும் இடம்பெற்றது. தட்டச்சில் 'கோ' என்பது இரட்டைக்கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று அடிகள். ஔகாரத்தின் வலப்பக்க உறுப்பு 'ள' எழுத்தைப் போலவே தோன்றுவதால், அதற்கெனத் தனி விசை இல்லாத இடங்களில் 'ள' விசையே அவ்வேலையையும் செய்தது. காகிதத்தில் அதனால் தீங்கு எதுவும் இல்லை. படிப்பவர் கண்ணும் மனமும் அதைச் சரியாகவே கொண்டன.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. அதன் அடிப்படை இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறை. அம்முறை ஒலிவரிசையைப் பின்பற்றுவது. மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமைவது. ஔகாரக் குறிக்கு U+0BCC என்னும் ஒற்றைக் குறியெண் தரப்பட்டது. அதனுடன், வலப்பக்க உறுப்பை மட்டும் குறிக்க U+0BD7 என்னும் குறியெண்ணும் இடம்பெற்றது. ஒற்றைக்கொம்பின் எண் U+0BC6. ஆகவே ஒரே குறியை ஓரெண்ணாகவும் எழுதலாம், ஈரெண்ணாகவும் எழுதலாம் என்றாயிற்று. ஒகர, ஓகாரக் குறிகளும் இவ்வாறே. 'ஔ' என்னும் உயிரெழுத்தும் 'ஒ'வும் வலப்பக்க உறுப்புமாகப் பிரியக்கூடியது. தமிழில் இவ்வாறு இருவழி கொண்டவை இந்த நான்கு மட்டுமே.

இவ்விருவழிகளும் பொருளால் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் அறிவித்து, அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயரிட்டது. உறுப்புகளைச் சேர்த்து ஓரெண்ணாக்கும் வடிவம் NFC. பிரித்து ஈரெண்ணாக்கும் வடிவம் NFD. ஒருவழியை நீக்கிவிட்டால் சிக்கல் தீருமே என்று மாணவர் வினவலாம். அவ்வாறு நீக்கினால் முன்பு சேமித்த ஆவணங்கள் பொருளிழக்கும். அதனால் ஒருமுறை தந்த குறியெண் நீக்கப்படுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிப்பாடு.

இனிக் கௌரியின் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். முதற்கோவை: ககரம், ஔகாரக் குறி, ரகரம், இகரக் குறி. இவை நான்கு குறியெண்கள். இரண்டாம் கோவை: ககரம், ஒற்றைக்கொம்பு, வலப்பக்க உறுப்பு, ரகரம், இகரக் குறி. இவை ஐந்து. மூன்றாம் கோவையும் ஐந்தே. ஆனால் வலப்பக்க உறுப்பின் இடத்தில் ளகர எழுத்து நிற்கிறது.

முதற்கோவை இன்றைய விசைப்பலகைகளிலிருந்து பெரும்பாலும் வருவது. இரண்டாம் கோவை வரும் வழிகளுள் ஒன்று கோப்புப் பெயர். ஆப்பிள் நிறுவனம் 1998இல் மெக்கின்டோஷ் கணினிகளுக்குக் கொண்டுவந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பு முறை, எப்பெயரையும் பிரித்த வடிவிலேயே சேமித்தது. மாணவியின் நிழற்படத்திற்கு அவர் பெயரையே இட்டு அக்கணினியில் சேமித்தால், பெயர் ஐந்து குறியெண்ணாக மாறிவிடும். அப்படத்தை வேறொரு கணினிக்கு மாற்றிப் பெயர்ப்பட்டியலோடு பொருத்தினால், நான்கெண்ணுக்கும் ஐந்தெண்ணுக்கும் பொருத்தம் அமையாது. 2017இல் வந்த அதன் அடுத்த கோப்பு முறை, தந்த பெயரைத் தந்தவாறே காக்கிறது. எனினும் முன்பே பிரிந்த பெயர்கள் பிரிந்தே இருக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போதும் இது நேரலாம். மாற்றும் நிரல் கொம்பை மெய்க்குப் பின் நகர்த்துவதோடு நின்று, இரண்டு உறுப்புகளையும் சேர்க்காமல் விட்டால் பிரிந்த கோவையே எஞ்சும். மூன்றாம் கோவையோ தட்டச்சுப் பழக்கத்தின் எச்சம்.

இவற்றை அடையாளம் காண்பது எளிது. பெயர் விரிதாளில் A2 கட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

```
=LEN(A2)
=UNICODE(MID(A2,3,1))
```

முதல் வாய்பாடு குறியெண்களின் எண்ணிக்கையைத் தரும். நான்கு என வந்தால் அது முதற்கோவை. ஐந்து என வந்தால் இரண்டாம் வாய்பாட்டின் விடையைக் காண வேண்டும். 3031 என்றால் வலப்பக்க உறுப்பு. 2995 என்றால் ளகரம்.

இவ்வேறுபாடு மிக முக்கியமானது. ஏனெனில் இயல்பாக்கம் முதலிரண்டு கோவைகளை மட்டுமே ஒன்றாக்கும். பைத்தான் மொழியில் `unicodedata.normalize("NFC", s)` என்று எழுதினால் இரண்டாம் கோவை முதற்கோவையாகிவிடும். மூன்றாவது மாறாது. ளகரம் உண்மையான ஓர் எழுத்து. அதை ஔகாரத்தின் உறுப்பாகக் கருத ஒருங்குறித் தரத்தில் இடமில்லை. நம் கண்ணுக்கு அது எழுத்துப்பிழையாகத் தோன்றுவதில்லை. தரத்தின் நோக்கில் அது எழுத்துப்பிழையே. எனவே இரு அமைப்புகளும் இயல்பாக்கம் செய்த பின்னரும் ஒரு பெயர் பொருந்தவில்லையெனில், ஔகாரமுள்ள பெயர்களில் முதலில் ளகரத்தையே ஐயுற வேண்டும். 'ஔவை' என்னும் பெயரிலும் 'ஒ'வும் 'ள'வும் இவ்வாறே மறைந்திருக்கக் கூடும்.

அவ்வாறாயின் 'ெள' என வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமா? கூடாது. 'கெளுத்தி' என்னும் மீன்பெயரிலும் 'தெள்ளு' என்னும் வினையிலும் ளகரம் தனக்குரிய இடத்தில் நிற்கிறது. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் மாற்றலாகாது என்னும் விதி இவற்றைக் காக்கும். ஆனால் அவ்விதியும் முழுமையானதன்று. பேச்சுவழக்கைப் பதிவுசெய்யும் சிறுகதையில் 'விளக்கு' என்பது 'வெளக்கு' என வரும். அங்கே ளகரத்தின்பின் குறி எதுவும் இல்லை. விதி அதனையும் ஔகாரமாக்கிவிடும். ஆகவே பெயர்ப்பட்டியலுக்கு இவ்விதியை இட்டு, மாறிய பெயர்களை மட்டும் ஒருவர் படித்துப் பார்ப்பது தகும். இலக்கியப் பாடத்தொகுப்பில் அதனைத் தானாக இயங்கவிடுதல் தகாது.

பட்டியல்களைப் பேணும் ஆசிரியர் செய்யத்தக்கவை இரண்டு. பெயர் உள்ளே வரும்போதே NFC வடிவாக்கிச் சேமிக்க வேண்டும். ஒப்பிடும் இரு பக்கமும் அதே வடிவில் இருத்தல் வேண்டும். ளகரம் புகுந்த பெயர்களைத் தனியே எடுத்து, மொழியறிந்தவர் கண்ணால் திருத்த வேண்டும். முதல் வேலை கணினிக்குரியது, இரண்டாவது நமக்குரியது.