மகோதரம்

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோயில் வயிற்றறைக்குள் நீர் சேர்வது மகோதரம் எனப்படும். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்வதும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்வதும், இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்னும் புரதம் குறைவதும் இதற்குக் காரணங்கள்.

வாயுவால் வரும் உப்புசம் உணவையொட்டி ஏறி, ஏப்பம் விட்டாலோ மலம் கழித்தாலோ தணியும். மகோதரமோ நாள்தோறும் வளர்ந்து, வேட்டிக்கட்டை இறுக்கி, உடல் எடையையும் கூட்டும். கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது விரலைச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்பது வாயுத் தொல்லையில் காணப்படாதது. மகோதரத்தில், மல்லாந்து படுத்தவரின் விலாப்புறத்தைத் தட்டும்போது எழும் மந்த ஒலி, அவர் ஒருக்களித்ததும் இடம் மாறும். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்குக் குறைவான நீர் இம்முறையில் பிடிபடாமல் போகலாம் என்பதால் ஸ்கேன் தேவைப்படுகிறது. இதய, சிறுநீரக நோய்களிலும் இத்தகைய வீக்கம் வருவதுண்டு.

வாயு மாத்திரையிலேயே வாரங்களைக் கழிப்பது ஆபத்தானது. தேங்கிய நீரில் கிருமித்தொற்று ஏற்பட்டு, சில வேளை வலியே இல்லாமல், காய்ச்சலோ மனக்குழப்பமோ மட்டும் தோன்றக்கூடும். ஊசியால் எடுத்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபில் வெள்ளணுக்களோ அதற்கு மேலோ இருந்தால் எதிருயிரி மருந்து உடனே தொடங்கப்படும். உணவில் உப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராமுக்குள் குறைக்கப்பட்டு, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீரிறக்கி மருந்து மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகிய வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைக் கெடுக்குமாதலால் விலக்கப்படுகின்றன.