அச்சத்தின் காரணமும் அளவும்: தமிழ் அச்சச் சொற்களின் வரலாற்றில் ஒரு திருப்பம்

அச்சத்தைக் குறிக்கும் சொற்களை இரண்டு வகையாக அடுக்கலாம். எது அச்சுறுத்துகிறது என்று கேட்டு அடுக்குவது ஒன்று. எவ்வளவு அச்சம் என்று கேட்டு அடுக்குவது மற்றொன்று. இன்றைய பள்ளிப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கின்றன. தயக்கம், கலக்கம், பயம், பீதி, கிலி என்று ஏணிப்படி போல ஒரு வரிசை கொடுத்து முடித்துவிடுகின்றன. தமிழ் இலக்கண மரபு தொடங்கிய இடமோ வேறு. அது காரணத்திலிருந்து தொடங்கியது. அந்தக் காரணம் பிற்காலத் தமிழ் வாக்கியத்தில் சொல்லாமல் விடத்தக்க ஒன்றாக எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வரையறுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கண்ணுக்குத் தெரியாமல் வருத்தும் தெய்வ ஆற்றல், கொல்லும் விலங்கு, வழிப்பறி செய்வோர், ஆள்வோர் என்று அவற்றை இன்றைய தமிழில் சொல்லலாம். நகை, அழுகை முதலிய மெய்ப்பாடுகள் தன்னிடம் தோன்றுவனவாகவும் பிறரிடம் தோன்றுவனவாகவும் இருவகைப்படும் என்று விளக்கும் உரையாசிரியர் பேராசிரியர், அச்சத்துக்கு அந்த இருவழியை மறுக்கிறார். அச்சம் எப்போதும் பிறிதொரு பொருளைப் பற்றியே வரும் என்பது அவர் கொள்கை. அதாவது, அஞ்சுகிறவனுக்கு வெளியே ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

இந்தக் கருத்து சொல்லதிகாரத்திலும் தடம் பதித்திருக்கிறது. அச்சப் பொருள் தரும் சொற்கள் ஐந்தாம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் வேறுபாடின்றி ஏற்கும் என்று வேற்றுமை மயங்கியலில் ஒரு விதி உண்டு. பழியின் அஞ்சும் என்றும் சொல்லலாம், பழியை அஞ்சும் என்றும் சொல்லலாம். முதல் தொடரில் பழி அச்சம் புறப்படும் இடம்; இரண்டாவதில் அதுவே அச்சத்துக்கு இலக்கு. எந்த வடிவத்தில் வந்தாலும் காரணப் பொருள் வாக்கியத்துக்குள் உருபேற்று நிற்கிறது. அஞ்சுகிறவன் எழுவாயாக நிற்கிறான். பழைய தமிழில் அஞ்சு என்ற வினையின் அடிப்படைக் கட்டமைப்பு இதுதான்: அஞ்சுபவன் ஒருவன், அஞ்சப்படுவது ஒன்று.

சொற்களின் வயதைப் பற்றியும் தொல்காப்பியம் மறைமுகமாக ஒரு செய்தி தருகிறது. பே, நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப் பொருள் தரும் என்கிறது உரியியல். எல்லாருக்கும் விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை, விளங்காதவற்றையே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த இயலின் அறிவிக்கப்பட்ட நெறி. ஆகவே அந்த நூற்பா எழுந்த காலத்திலேயே அச்சம் வழக்கில் இருந்த சொல். மற்ற மூன்றும் செய்யுளில் மட்டும் ஒதுங்கத் தொடங்கிவிட்டன என்று கொள்வது பொருந்தும். அவற்றில் பே என்பதைப் பேய் என்ற சொல்லோடு உறவுடையதாக அறிஞர் கருதுவர். அப்படியானால் அச்சத்தின் பெயரும் அச்சுறுத்துவதன் பெயரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை ஆகின்றன. அணங்கு என்ற சொல்லிலும் இதே நிலை காணப்படுகிறது. அது வருத்தும் தெய்வத்தையும் வருத்தத்தையும் ஒருசேரக் குறித்தது.

அப்படியானால் அளவு எங்கே இருந்தது? அது உடலில் இருந்தது. அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கத்தைக் குறிக்கும் என்று அதே உரியியல் சொல்கிறது. இவை மனநிலையின் பெயர்கள் அல்ல. மேனியில் புலப்படும் அசைவின் பெயர்கள். அச்சம் எவ்வளவு என்பதைத் தமிழ் நேரே சொல்லாமல் உடல் எவ்வளவு ஆடியது என்று சொல்லிக் காட்டியது. இந்த வழக்கம் இன்றுவரை அறுபடவில்லை. உதறல் எடுத்தது, வெடவெடத்தது, வெலவெலத்துப் போனான், அடிவயிறு கலங்கியது, ஈரக்குலை நடுங்கியது என்று பேச்சுத் தமிழ் அளக்கும் அளவுகள் எல்லாம் உடம்பின் வழியாகத்தான் வருகின்றன. அச்சத்தின் அளவைக் காட்டும் தமிழ்ச் சொற்களில் வலுவானவை இவையே என்பது என் முடிவு. பீதி, திகில் போன்ற பெயர்ச்சொற்களால் இவற்றுக்கு ஈடு கொடுக்க முடியாது.

அளவு வரிசையைச் சரிபார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு சொற்களை எடுத்து, அவற்றை ‘மட்டுமல்ல’ என்பதால் இணைத்துப் பார்க்க வேண்டும். ‘அவன் அஞ்சியது மட்டுமல்ல, நடுங்கியே போனான்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. அதைத் திருப்பி, ‘நடுங்கியது மட்டுமல்ல, அஞ்சியே போனான்’ என்றால் கேட்பவர் தயங்குவார். எனவே நடுங்குதல் அஞ்சுதலுக்கு மேற்படி. இதே சோதனையில் திடுக்கிடுதலை வைத்தால் ஏணி குலைகிறது. ‘அஞ்சியது மட்டுமல்ல, திடுக்கிட்டான்’ என்பதும் பொருந்தவில்லை, திருப்பிச் சொன்னாலும் பொருந்தவில்லை. காரணம், திடுக்கிடுதல் அச்சத்தின் மிகுதியைக் காட்டுவதல்ல. அதன் விரைவைக் காட்டுவது. பயிற்சி நூல்களில் திடுக்கிடுதலை அச்சத்துக்கு மேல் வைக்கும்போது இந்தப் பிழைதான் நேர்கிறது.

இந்த வேறுபாட்டைப் பழைய மரபு நன்றாகவே அறிந்திருந்தது. எட்டு மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாக மெய்ப்பாட்டியல் தரும் 32 உணர்வுகளின் பட்டியலில் வெரூஉதல், நடுக்கு ஆகிய இரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அச்சம் ஏற்கெனவே எட்டில் இருக்கும்போது இவை ஏன் மறுபடி வர வேண்டும்? பேராசிரியர் தரும் விடை அழகானது. வெரூஉதல் என்பது விலங்கும் பறவையும் வெருள்வது போன்றது. அஞ்ச வேண்டாத ஒன்றைக் கண்டபோதும் சட்டெனப் பிறந்து மாறிவிடுவது. நடுக்கு என்பதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு பெற்றோரின் மனம். பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லாதபோதும், என்ன வருமோ என்று அன்பினால் நடுங்குவது அது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அச்சம் பிறிதொரு பொருளைப் பற்றியே வரும் என்று சொன்ன அதே உரையாசிரியர், எதிரே பொருள் எதுவும் இல்லாத ஒரு நடுக்கத்துக்கும் இடம் தருகிறார். புலி இல்லை, கள்வன் இல்லை, பிள்ளை நலமாகவே இருக்கிறது. வரக்கூடும் என்ற எண்ணம் மட்டுமே இருக்கிறது. ஆங்கிலம் ‘ஆங்ஷியஸ்’, ‘அப்ரிஹென்சிவ்’ என்று குறிக்கும் நிலைகள் இதற்கு மிக அருகில் நிற்கின்றன. 13ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் ஓர் உரையாசிரியர் அதை அச்சத்தின் சிறிய அளவு என்று சொல்லாமல், வேறு வகை என்று பிரித்திருக்கிறார். அந்தப் பிரிப்பு சரியானது. பிள்ளையை எண்ணி இரவெல்லாம் கண்விழிக்கும் தாயின் பதைப்பு, பாம்பைக் கண்டவனின் அச்சத்தைவிடச் சிறியது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

காரணம் வெளியிலிருந்து உள்ளே நகர்வதைத் திருக்குறளில் பார்க்கலாம். அதன் அதிகாரத் தலைப்புகளே போதுமான சான்று. 21ஆம் அதிகாரம் தீவினையச்சம், 107ஆம் அதிகாரம் இரவச்சம். முன்னதில் அஞ்சப்படுவது நாம் செய்யக்கூடிய தீய செயல். பின்னதில் பிறரிடம் கையேந்தும் இழிவு. நான்கு பழைய காரணங்களுள் இவை எதிலும் அடங்கமாட்டா. 73ஆம் அதிகாரமான அவையஞ்சாமை இன்னொரு படி முன்னே செல்கிறது. நன்கு கற்றவன்தான், ஆனால் அவையின் முன் நின்றதும் கற்றதைச் சொல்ல முடியாமல் போகிறான். இன்று நேர்காணலுக்குப் போகும் இளைஞர் ‘நெர்வஸா இருக்கு’ என்று சொல்லும் நிலை இதுவே. அவை எவரையும் கொல்வதில்லை. தன் தகுதி மீதான ஐயமே அங்கே காரணம்.

அச்சப் பொருளில் பயம் என்ற சொல்லின் வரவும் குறள் காலத்துக்குப் பிந்தியது. சங்கப் பாடல்களில் பயம் என்றால் பயன், விளைவு. தீவினையச்சத்தின் ஒரு குறளில் தீயவை தீமையை விளைவிக்கும் என்பதற்குப் பயத்தல் என்ற வினையும், அவற்றுக்கு அஞ்ச வேண்டும் என்பதற்கு அஞ்சு என்ற வினையும் அடுத்தடுத்து வருகின்றன. பய என்ற அடி அங்கே விளைவைக் குறிக்கிறது, அச்சத்தைக் குறிக்கவில்லை. வடமொழியிலிருந்து வந்த பயம் பின்னர் வழக்கில் பரவியபோது, பழைய பயம் தன் இடத்தைப் பயன் என்ற வடிவத்துக்கு விட்டுக்கொடுத்தது. அஞ்சுதல் எழுத்து நடைக்கு ஒதுங்கியது. பேச்சில் பயப்படுதல் நிலைத்தது.

ஒரு சொல் போய் இன்னொன்று வந்தது என்பதைவிடப் பெரிய மாற்றம் வாக்கிய அமைப்பில் நடந்தது. பயம் பெயர்ச்சொல் ஆதலால் அது ஆக என்ற உருபை ஏற்று இரு என்ற வினையோடு சேர முடிந்தது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற தொடரைப் பாருங்கள். அஞ்சுபவன் எழுவாய் இடத்திலிருந்து இறங்கி நான்காம் வேற்றுமைக்குப் போய்விட்டான். காரணத்துக்கு அங்கே இடமே தேவைப்படவில்லை. ‘பாம்புக்குப் பயப்படுகிறேன்’ என்பதில் பாம்பை நீக்கினால், எதற்கு என்ற கேள்வி எழுகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதோ தானே நிறைவு பெற்று நிற்கிறது. ஏன் என்று கேட்டால், தெரியவில்லை என்பதும் ஏற்கத்தக்க விடையாகிறது. காரணம் தெரியாத அச்சத்தைச் சொல்லும் வசதி இந்த அமைப்பின் வழியாகத் தமிழுக்குத் தாராளமாகக் கிடைத்தது. பதற்றமாக, படபடப்பாக, கலக்கமாக, நெர்வஸாக, டென்ஷனாக என்று இன்று சொல்லும் எல்லாமே இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. ஆங்கிலச் சொற்கள் இவ்வளவு எளிதாக உள்ளே வர முடிந்ததற்கும் இதுவே காரணம். அவை வந்து அமர ஓர் இடம் முன்பே ஆயத்தமாக இருந்தது.

மருத்துவத் தமிழில் இந்த வரலாறு நேரடியாகப் பயன்படுகிறது. காரணத்தைக் கடந்து நீடிக்கும் அச்சநிலையை இலங்கைத் தமிழ் உளமருத்துவ எழுத்து பதகளிப்பு என்கிறது; தமிழ்நாட்டில் பதற்றம், மனப்பதற்றம் ஆகியவை வழங்குகின்றன. இரண்டுமே பயம் என்ற சொல்லைத் தவிர்த்தது நல்ல முடிவு. நோயாளி ‘பயமா இருக்கு’ என்று சொல்லும்போது கேட்பவர் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதியே தெரியவரும். எதற்கு என்ற கேள்விக்கு நாய், லிஃப்ட், கூட்டம் என்று நான்காம் வேற்றுமையில் ஒரு பெயர் வந்தால் அது ஒரு வகை. பெயர் வராமல் ‘சும்மாவே நெஞ்சு படபடங்குது’ என்று உடல் மட்டும் வந்தால் அது வேறொரு வகை. ‘பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு’ என்று ஓகாரத்தில் முடியும் ஐயம் வந்தால், அது பேராசிரியர் சொன்ன நடுக்கு. முதலில் சொன்னவர் குறைவாகவும் மூன்றாவதாகச் சொன்னவர் மிகுதியாகவும் அஞ்சலாம். அதற்கு மாறாகவும் இருக்கலாம். வகையை வைத்து அளவை ஊகிக்க வழியில்லை.

எனவே பாடநூல் எழுதுவோருக்கும் அகராதி தொகுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். அச்சச் சொற்களை ஒற்றை ஏணியில் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஏற்கும் வேற்றுமை உருபை முதலில் கொடுங்கள், உடலில் அது காட்டும் அடையாளத்தை அடுத்துக் கொடுங்கள், திடுக்கிடுதலையும் வெருளுதலையும் விரைவு பற்றிய சொற்களாகத் தனியே பிரித்து வையுங்கள்.